மோதிரத்தைப் பெரிதாக்கும் முன்: தங்கம் எவ்வளவு போகும், கல் எவ்வளவு தாங்கும்?

கல்யாணத்தில் போட்ட மோதிரம் சில வருடங்களில் விரலை இறுக்கத் தொடங்குவது பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். அம்மாவின் மோதிரம் மகளின் விரலில் கழன்று விழுவதும் அப்படித்தான். இறுகினால் சோப்புப் போட்டுக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறோம். தளர்ந்தால் அடிப்பக்கம் நூல் சுற்றி ஓட்டுகிறோம். ஒருநாள் மனம் வந்து ஆசாரியிடம் எடுத்துப் போகும்போது எல்லோருக்கும் இருக்கும் பயம் ஒன்றே: "தங்கத்தைச் சுரண்டிவிடுவாரோ?"

கல்லில்லாத மோதிரத்துக்கு அந்தப் பயம் பொருந்தும், அதுவும் ஓரளவுக்குத்தான். கல் பதித்த மோதிரத்தில் இழப்பு வேறு இடத்தில் வருகிறது. அளவு மாற்றுவதில் கைமாறும் தங்கம் சில நூறு மில்லிகிராம்தான். கல் வரிசைக்கு ஏற்படும் சேதத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஒரே ஒரு மோதிரத்தை எடுத்துக்கொண்டு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நம் மோதிரம் 22 காரட். மேல்பாதியில் 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள 11 ரூபிக் கற்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. கல் இருக்கும் பகுதி 2 மில்லிமீட்டர் கனம். கல் இல்லாத அடிப்பகுதி 3 மில்லிமீட்டர் அகலம், 1.5 மில்லிமீட்டர் கனம். இப்போது அதன் அளவு 12. விரலுக்கு வேண்டியது 16.

நான்கு அளவு என்றால் எவ்வளவு?

நகைக்கடையில் விரலில் மாட்டிப் பார்க்கும் எண் போட்ட வளையக் கொத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் உள்ள எண்ணோடு 40-ஐக் கூட்டினால் மோதிரத்தின் உள் சுற்றளவு ஏறத்தாழ மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். 12 என்றால் 52 மில்லிமீட்டர், 16 என்றால் 56. ஆக ஓர் அளவு கூட்டுவது என்பது சுற்றளவில் ஒரு மில்லிமீட்டர் கூட்டுவது. குறுக்களவில் பார்த்தால் அது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். நம் மோதிரத்தின் உள் குறுக்களவு 16.6 மில்லிமீட்டரிலிருந்து 17.8-க்குப் போக வேண்டும்.

வளையக் கொத்துகளில் கடைக்குக் கடை சிறு வித்தியாசம் இருக்கும். அதனால் எங்கே வேலை கொடுக்கிறோமோ அங்கேயே அளவு பார்ப்பது நல்லது. விரலும் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலைக் குளிரில் மெலிந்திருக்கும், வெயிலில் நடந்து வந்தால் வீங்கியிருக்கும். இரண்டு வேறு நேரங்களில் அளந்து முடிவு செய்யலாம். மூட்டு பருத்தவர்கள் மூட்டைத் தாண்டி வரும் அளவைத்தான் எடுக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும், உடம்பில் நீர் கோத்திருக்கும்போதும் மோதிரத்தில் கை வைக்காமல் தள்ளிப்போடுவதே நல்லது. அந்த வீக்கம் வடியும்போது அளவும் பழையபடி இறங்கிவிடும்.

தங்கக் கணக்கு

22 காரட் தங்கம் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் எடை. நம் மோதிரத்தின் அடிப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் நீளத் துண்டை எடுத்தால், அகலம் 3, கனம் 1.5, ஆகக் கொள்ளளவு 4.5 கன மில்லிமீட்டர். எடை 80 மில்லிகிராம். ஓர் அளவு கூட்ட இவ்வளவு தங்கம் போதும். நான்கு அளவுக்கு 320 மில்லிகிராம். கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 3,200 ரூபாய். அன்றைய விலையைப் போட்டு நீங்களே இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆண்கள் போடும் 5 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனமுள்ள மோதிரத்தில் ஓர் அளவுக்கு 180 மில்லிகிராம் வரை பிடிக்கும்.

வேலை செய்பவர் சரியாக 320 மில்லிகிராம் துண்டை வைக்க மாட்டார். சற்றுக் கனமான, அகலமான துண்டாக வைத்துப் பற்றவைத்து, பிறகு அரத்தால் ராவி மோதிரத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவார். 400 மில்லிகிராம் வைத்து 80 மில்லிகிராமைப் பொடியாக எடுப்பது வழக்கமான வேலைதான். அந்தப் பொடி பட்டறை மேசையில் விழுகிறது, சேர்த்து உருக்கினால் மறுபடி தங்கம். ஆகவே மோதிரத்தில் கடைசியாக நிற்கும் எடைக்குத்தான் நாம் பணம் கொடுக்க வேண்டும். கொடுத்தபோது 4.120 கிராம், வாங்கும்போது 4.440 கிராம் என்றால் 320 மில்லிகிராமுக்குத் தங்க விலை. கூலியைத் தனியாகச் சொல்லட்டும். சேதாரம் என்று ஒரு தொகை கேட்டால், அது கூலியில் அடங்குமா, தனியா என்று முன்பே பேசிவிட வேண்டும்.

சிறிதாக்கும்போது கணக்கு தலைகீழாகும். மூன்று அளவு குறைத்தால் 240 மில்லிகிராம் துண்டு வெளியே வரும். அது உங்கள் தங்கம். வெட்டிய துண்டைக் கையில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது கூலியில் கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் கேட்பதே இல்லை. கேட்காமல் விட்டால் பட்டறையிலேயே தங்கிவிடும்.

தரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. சேர்க்கும் துண்டு 22 காரட்தானா என்று கேளுங்கள். 18 காரட் துண்டை வைத்து 22 காரட் விலை வாங்கினால் எடையில் தெரியாது. நாள்பட நிறத்தில் தெரியும், விற்கப் போகும்போது பரிசோதனையில் தெரியும். பற்றவைக்கும் பொடி சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காகத் தரத்தில் சற்றுக் குறைந்ததாகவே இருக்கும். அதைத் தவிர்க்க முடியாது. அதனால்தான் இணைப்பு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது.

பட்டறையில் நடப்பது

முதலில் எங்கே வெட்டுவது என்று முடிவாகிறது. அது எப்போதும் கல் வரிசைக்கு நேர் எதிரே, அடிப்பக்கத்தின் நடுவில். ஹால்மார்க் முத்திரையும் பெரும்பாலும் அதே அடிப்பக்கத்தின் உட்புறத்தில்தான் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. ரம்பம் அதன் நடுவே போனால் அந்தக் குறியீடு போச்சு. "முத்திரையைத் தள்ளி ஓரமா வெட்டுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒதுக்கி வெட்டுவார்கள். வேலை கொடுப்பதற்கு முன் உள்பக்கத்தைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் பயன்படும்.

நூல் போன்ற அலகுள்ள ரம்பத்தால் வெட்டியதும், இரு முனைகளையும் மெல்ல விரித்து இடையே புதுத் துண்டைப் பொருத்துகிறார்கள். வேலையின் தரம் தெரிவது இங்கேதான். துண்டும் முனையும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளிக்கோடு தெரியக் கூடாது. இடைவெளியை விட்டு அதைப் பற்றவைக்கும் பொடியால் நிரப்பினால், அன்றைக்கு மெருகில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து அந்த இடத்தில் கீறல் விழும், பிறகு பிளக்கும். முனைகள் கச்சிதமாகச் சேர்ந்தபின் வெங்காரக் கரைசல் தடவி, பற்றவைக்கும் பொடியை வைத்துத் தீ காட்டுகிறார்கள். பொடி உருகி மின்னலாக இணைப்புக்குள் ஓடும், உடனே தீயை எடுத்துவிட வேண்டும்.

பிறகு கறுப்பு நீங்க நீர்த்த அமிலத்தில் போடுவது, நுனி சிறுத்து அடி பருத்த இரும்புக் கம்பியில் ஏற்றிக் கொட்டாப்புளியால் தட்டி வட்டமாக்குவது, ராவுவது, மெருகிடுவது என்று வேலை முடிகிறது. கல்லில்லாத மோதிரத்துக்கு இத்தோடு சரி. கல் இருந்தால் இதில் மூன்று இடத்தில் ஆபத்து இருக்கிறது: விரிப்பதில், தீயில், அமிலத்தில்.

கல்லில்லாத பட்டை மோதிரத்தை ஓரிரு அளவு கூட்ட வெட்டவே வேண்டியதில்லை. அதே கம்பியில் ஏற்றிச் சீராகத் தட்டியோ, உருளைகளுக்கிடையே விட்டோ நீட்டலாம். புதுத் தங்கம் தேவையில்லை, முத்திரையும் இருந்த இடத்திலேயே இருக்கும், மோதிரம் மட்டும் சற்று மெலியும். 52 மில்லிமீட்டரை 54 ஆக்கினால் அதன் உலோகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு போல மெலிவு. கல் பதித்த மோதிரத்தை இப்படி நீட்டச் சம்மதிக்கவே கூடாது. நீட்டும் விசை மிக மெல்லிய இடத்தைத்தான் தேடிப் போகும். கல்லுக்காகக் குழி தோண்டிய இடம்தான் மோதிரத்திலேயே மெல்லியது.

வளைவு மாறினால் கல்லுக்கு என்ன ஆகும்?

நம் மோதிரத்தின் அடியில் 4 மில்லிமீட்டர் துண்டைச் சேர்த்தாயிற்று. இப்போது அது வட்டமாக இல்லை. மேல்பாதி இன்னும் பழைய, சிறிய வட்டத்தின் வளைவில் இருக்கிறது. அடிப்பகுதி மட்டும் அகன்றிருக்கிறது. விரலில் சரியாக உட்கார வேண்டுமானால் கல் பதித்த மேல்பாதியையும் சற்று நிமிர்த்தித்தான் ஆக வேண்டும்.

வளைந்த ஒரு பட்டையை நிமிர்த்தும்போது அதன் உட்புறம் நீளும், வெளிப்புறம் சுருங்கும். நம் மோதிரத்தின் கனத்துக்கும் இந்த அளவு மாற்றத்துக்கும் கணக்கிட்டால், கல் வரிசை முழுவதிலும் வெளிப்புறம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். இரண்டு மூன்று தலைமுடியை அடுக்கிய கனம்தான் அது. ஆனால் 11 கற்களும் ஒன்றை ஒன்று தொட்டபடி இருக்கின்றன, விட்டுக்கொடுக்க இடமில்லை. கல்லின் விளிம்பு பக்கத்துக் கல்லின் விளிம்பில் இடிக்கும். ஒன்று விளிம்பு சிதறும், இல்லையென்றால் கல் மேலே எழும்பும். மோதிரம் சீராக வளையவும் செய்யாது. கல் வரிசை முடிந்து அடிப்பகுதி தொடங்கும் இடத்தில் திடீரென வளையும். அதனால் ஓரத்தில் உள்ள முதல் கல்லும் பதினோராவது கல்லும்தான் முதலில் அடிபடும்.

சிறிதாக்கும்போது இதற்கு நேர்மாறு. வளைவு இறுகும், வெளிப்புறம் நீளும், கல்லைப் பிடித்திருக்கும் தங்க விளிம்பும் கொக்கிகளும் அகலும். கல் உடையாது, தளரும். அன்றைக்குத் தெரியாமல், பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவும்போது தொட்டியில் போய்விடும்.

ஒற்றைக் கல் மோதிரத்தில் இந்தச் சிக்கல் குறைவு. கல் இருக்கும் கிண்ணம் தனியாக நிற்கிறது, கீழே பட்டை வளைந்தாலும் அதை அதிகம் பாதிக்காது. நாலைந்து அளவு வரை நிம்மதியாக மாற்றலாம். பாதி வட்டத்துக்குக் கல் வரிசை உள்ள நம் மோதிரம் போன்றவற்றில் இரண்டு அளவு வரை பயமில்லாமல் செய்யலாம். நான்கு அளவுக்கு, ஓரத்துக் கற்களைக் கழற்றி, வளைவைச் சரிசெய்து, மறுபடி பதிக்கத் தயாராக இருக்க வேண்டும். வட்டம் முழுவதும் கல் சுற்றிவரும் மோதிரத்தில் வெட்டவே இடமில்லை. அதைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்பதே தவறு. உட்புறத்தைச் சுற்றிலும் 0.16 மில்லிமீட்டர் ராவி எடுத்தால் ஓர் அளவு கிடைக்கும்தான். ஆனால் அதற்கு மேல் போனால் கல்லின் அடி முனை விரலில் உரசும். சிறிதாக்க வேண்டுமானால் உள்ளே மெல்லிய தங்கத் தகடு பதிக்கலாம். இல்லையேல் கற்களை எடுத்துப் புது மோதிரம் செய்துகொள்வதே வழி.

தீயும் அமிலமும்

தங்கம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். அடிப்பக்கம் தீயில் இருக்கும்போது சில நொடிகளில் மேலே உள்ள கல்லும் சுடும். கல் பகுதியை ஈர மணலிலோ ஈரத் துணியிலோ புதைத்துக்கொண்டு வேலை செய்வது இதனால்தான். வேலை முடிந்ததும் சூடாகவே தண்ணீரில் போட்டால் கல் விரிசல் விடும், தானாக ஆற விட வேண்டும்.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தாங்காது. ரூபியும் நீலமும் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் சூட்டில் வெங்காரம் பட்டால் அதன் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கும். அடியில் தடவ வேண்டியது கல் பக்கம் ஓடிவிடாமல் பார்க்க வேண்டும். இன்னொரு பெரிய ஆபத்து, விலை குறைந்த ரூபிகள் பலவற்றின் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பியிருப்பது. தீயும் அமிலமும் அந்தக் கண்ணாடியைக் கரைத்துவிடும். சிவப்பாகப் பளபளத்த கல் அமிலத்திலிருந்து வெளியே வரும்போது வெள்ளைக் கோடுகளோடு வரும். நம் மோதிரத்தின் 11 கற்களும் எந்த வகை என்று தீ வைப்பதற்கு முன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுவது இதனால்தான் அவசியம்.

மரகதத்தில் இயற்கையாகவே வெடிப்புகள் இருக்கும், அதை மறைக்க எண்ணெய் ஊற வைத்திருப்பார்கள். சூட்டில் எண்ணெய் வெளியேறும், வெடிப்பு தெரியும், கல்லே பிளக்கவும் கூடும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. தீயில் கருகும், அமிலத்தில் கரையும். வைரம்கூடக் காற்றில் அதிகச் சூடேறினால் மேலே வெண்படலம் கட்டும், அதனால்தான் போரிக் அமிலப் பூச்சு கொடுத்துப் பற்றவைப்பார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நம் வீடுகளில் உள்ள மோதிரங்களில் மிகக் கவனம் வேண்டியது நவரத்தின மோதிரம் என்பது புரியும். முத்து, பவளம், மரகதம் மூன்றும் ஒரே மோதிரத்தில் இருக்கின்றன. இதற்குத் தீ வைக்கவே கூடாது. லேசர் இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுக்கலாம். லேசரின் சூடு ஊசிமுனை அளவு இடத்தில் மட்டும் விழுவதால், சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் கல்லுக்கும் பெரிதாகச் சூடு போகாது. லேசர் கிடைக்காவிட்டால் முத்து, பவளம், மரகதம் மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அடி மூடிய பழைய கல் மோதிரங்களில் உள்ளே அரக்கு இருக்கும். சூட்டில் அது உருகி வழியும், கல்லின் நிறமும் கெடும். பாட்டி காலத்து மோதிரம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

திரும்ப வாங்கும் இடத்திலேயே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். மோதிரத்தைக் காதருகே பிடித்து விரல் நகத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கல் தளர்ந்திருந்தால் கிலுகிலுப்பு கேட்கும். பஞ்சை அல்லது பழைய பனியன் துணியைக் கல் மேல் இழுத்துப் பாருங்கள். கொக்கி எழும்பியிருந்தால் நூல் சிக்கும். அடிப்பக்க இணைப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நிறம் மாறிய கோடோ புள்ளிபோலச் சிறு குழிகளோ தெரிந்தால் வேலை சரியில்லை, அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். ஓரத்தில் உள்ள முதல் கல்லையும் கடைசிக் கல்லையும் தனியாகக் கவனியுங்கள். ஒரு மாதம் போட்டபின் மறுபடி இதே சோதனையைச் செய்யுங்கள். தளர்ச்சி பெரும்பாலும் போட்டுப் பழகிய பிறகுதான் தெரியவரும்.

நம் 11 கல் மோதிரத்துக்கு என் முடிவு இது. கற்கள் கண்ணாடி நிரப்பாத நல்ல ரூபிகள் என்றால், லேசர் வசதி உள்ள இடத்தில் 320 மில்லிகிராம் தங்கம் சேர்த்து, இரு ஓரத்துக் கற்களையும் கழற்றி மறுபடி பதிக்கும் கூலியையும் கொடுத்து 16-க்கு மாற்றலாம். கற்கள் கண்ணாடி நிரப்பியவை என்றால், தீ வைக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். லேசரிலும் இரண்டு அளவோடு, 14-லேயே நிறுத்திக்கொண்டு வேறு விரலில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மோதிரமானாலும் கொடுக்கும்போது எடை, கல் எண்ணிக்கை, கல்லின் வகை மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது அதே தராசில் உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.